சதுரக் கம்பியை முறுக்கினால் என்ன நடக்கிறது: மூலையிலிருந்து தொடங்கும் ஒரு வழிகாட்டி

திருவொற்றியூர் பக்கம் ஒரு லேத் பட்டறையில் நடந்த பேச்சு இது. ஆழத்தில் இருக்கும் வால்வை மேலே நின்று திருப்ப ஒரு மீட்டர் நீளக் கம்பி வேண்டும். கையில் இருந்தது 20 மி.மீ. சதுர எம்.எஸ். கம்பி. வழியில் ஒரு வட்ட ஓட்டைக்குள் அது நுழைய வேண்டியிருந்தது. "நாலு மூலையையும் கடைஞ்சு உருட்டிடலாமா? வலு போயிடுமா?" என்று பட்டறைக்காரர் கேட்டார். பக்கத்தில் நின்ற டிப்ளமோ மாணவன், "போயிடும்ணே, மூலைதானே மையத்துல இருந்து ரொம்பத் தள்ளி இருக்கு, அங்கதான தகைவு அதிகம்" என்றான்.

பாதி சரி, பாதி தப்பு. அந்தப் பாதியைப் பிரித்துக் காட்டத்தான் இவ்வளவும். தண்டையார்பேட்டையில் ஒரு மொட்டை மாடியில் ஞாயிற்றுக்கிழமை தோறும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். எந்த வரிசையில் போனால் புரிகிறது, எங்கே வழுக்கி விழுகிறார்கள் என்று பார்த்து வைத்திருக்கிறேன். அந்த வரிசையிலேயே போவோம்.

## 1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

வட்டக் கம்பியின் முறுக்கம் தெரிந்திருக்க வேண்டும். டார்க் `T`, விறைப்புக் குணகம் `G`, ஒரு மி.மீ. நீளத்துக்கு எவ்வளவு ரேடியன் முறுக்கம் என்ற `θ'`, இவை மூன்றுக்கும் உள்ள உறவு போதும். முதல் வருடப் பாடம்தான்.

பொருட்கள்: 100 மி.மீ. சதுரமும் 400 மி.மீ. நீளமும் உள்ள ஒரு ஃபோம் துண்டு. கூடவே 100 மி.மீ. விட்டமுள்ள ஒரு உருளை ஃபோம். மெத்தை, குஷன் தைக்கும் கடையில் சொன்னால் வெட்டித் தருவார்கள். திண்டுக்குப் போடும் உருண்டை ஃபோமே உருளைக்குப் போதும். கொஞ்சம் கெட்டியான ஃபோமாகக் கேளுங்கள். தொளதொள ஃபோம் முறுக்கும்போது நடுவில் இடுப்பு ஒடிந்தது போல மடிந்துவிடும்.

அப்புறம் நான்கு பிளைவுட் சதுரங்கள், ரப்பர் பசை, மெல்லிய முனை மார்க்கர், ஸ்கேல், பாகைமானி.

இரும்பிலேயே பார்த்தால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. பார்க்க முடியாது. ஏன் என்று 6-ஆம் படியில் எண்ணோடு வரும்.

## 2. சூத்திரத்துக்கு முன்னால் மூலை

இந்தப் படியைத் தாண்டிவிட்டுச் சூத்திரத்துக்கு ஓடுபவர்கள்தான் பிறகு குழம்புகிறார்கள். அதனால் மெதுவாகவே போவோம்.

வட்டக் கம்பிக்கு நாம் படித்தது, மையத்திலிருந்து தள்ளிப் போகப் போக ஷியர் தகைவு ஏறும் என்பது. அதைச் சதுரத்துக்கு அப்படியே போட்டால் மூலையில்தான் உச்சம் வரும். அந்த மாணவன் சொன்னதும் அதுதான்.

இப்போது மூலையிலேயே கடுகளவு கட்டியை வெட்டி எடுத்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். அதன் ஒரு முகம் குறுக்குவெட்டு. இரண்டு முகங்கள் கம்பியின் வெளிப்புறத் தோல். ஷியருக்கு ஒரு குணம் உண்டு: ஒரு முகத்தில் இருந்தால், அதை ஒட்டிய செங்குத்து முகத்திலும் அதே அளவு இருந்தே ஆக வேண்டும். இல்லையென்றால் அந்தக் கட்டி பம்பரம் மாதிரி சுற்றிக்கொண்டே போகும்.

ஆனால் வெளிப்புறத் தோலை யாரும் தேய்த்து இழுக்கவில்லை. அங்கே இருப்பது வெறும் காற்று. ஆகவே அதில் ஷியர் பூஜ்யம். அப்படியானால் குறுக்குவெட்டில், அந்தத் தோலுக்குச் செங்குத்தான திசையிலும் பூஜ்யம். மூலையில் இரண்டு தோல்கள் ஒன்றுக்கொன்று செங்குத்தாகச் சந்திக்கின்றன. ஒன்று ஒரு திசையைக் கொல்கிறது, மற்றது இன்னொரு திசையைக் கொல்கிறது. மிச்சம் எதுவுமில்லை.

மூலையில் தகைவு பூஜ்யம். இதற்கு ஒரு சூத்திரமும் தேவைப்படவில்லை.

தகைவு பூஜ்யம் என்றால் அங்கே கோண மாற்றமும் பூஜ்யம். கம்பியின் நீள விளிம்புக்கும் அதைத் தொடும் குறுக்குக் கோட்டுக்கும் இடையில் முன்பு 90° இருந்தது என்றால், முறுக்கிய பிறகும் 90° இருக்க வேண்டும். ஆனால் முறுக்கியதும் விளிம்பு சாய்ந்துவிட்டதே. அப்புறம் எப்படி 90°? குறுக்குக் கோடும் கூடவே சாய்ந்தால்தான் முடியும். கோடு சாய்கிறது என்றால் குறுக்குவெட்டு தட்டையாக இல்லை, கம்பியின் நீளவாக்கில் சில இடங்கள் முன்னே தள்ளி, சில இடங்கள் பின்னே போய்விட்டன.

அதுதான் நெளிவு. பட்டறையிலும் வகுப்பிலும் வார்ப்பிங் என்பார்கள். நெளிவு என்பது மேலே ஒட்டவைத்த தனிச் சங்கதி இல்லை, மூலையில் தகைவு பூஜ்யம் என்பதன் நேரடி விளைவு. இந்த இணைப்பு பிடிபட்டுவிட்டால் மீதி எல்லாம் அளவு பார்க்கும் வேலைதான்.

## 3. ஃபோமில் கோடு போட்டு முறுக்குவது

முதலில் கோடு, பிறகுதான் பசை. பிளைவுட்டை ஒட்டிவிட்டுக் கோடு போட்டால் ஸ்கேல் சரியாக உட்காராது.

சதுர ஃபோமின் நான்கு பக்கங்களிலும் 20 மி.மீ. இடைவெளியில் நீளக் கோடுகளும் குறுக்குக் கோடுகளும் போடுங்கள். ஒவ்வொரு பக்கத்தின் நட்டநடுவிலும் ஒரு நீளக் கோடு கூடுதலாக வேண்டும். குறுக்குக் கோடு மூலையில் நின்றுவிடாமல் அடுத்த பக்கத்திலும் அதே மட்டத்தில் தொடர வேண்டும். இதில்தான் பெரும்பாலும் தவறு நடக்கிறது. இரண்டு மி.மீ. தப்பினால் போதும், நாம் தேடப்போகும் நெளிவே ஒரு மி.மீ. அளவுதான் என்பதால், கோட்டின் பிசகையே நெளிவு என்று எண்ணிவிடுவீர்கள். ஒரு அட்டைப் பட்டையைச் சுற்றிப் பிடித்து அதன் ஓரமாகவே நான்கு பக்கமும் கோடு இழுத்தால் பிசகாது.

உருளைக்கும் அதே மாதிரி கட்டம்.

அப்புறம் இரு முனைகளிலும் பிளைவுட்டை ஒட்டி, பசை காய விட்டு, ஒருவர் ஒரு முனையைத் தரையோடு பிடித்துக்கொள்ள, இன்னொருவர் மறுமுனையை 60° திருப்புங்கள். திருப்பும்போது இழுக்கவோ அமுக்கவோ கூடாது. இழுத்தால் கட்டங்கள் நீண்டு, கோணம் வேறு காரணத்தால் மாறும். 60° என்பது கண்மட்டமாக வேண்டாம், பிளைவுட்டிலேயே குறி வைத்துவிடுங்கள்.

முதல் தடவை நான் செய்தபோது பிளைவுட்டுக்குப் பக்கத்துக் கோட்டையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தேன். நெளியவே இல்லை. ஃபோம் சரியில்லை என்று கடைக்காரரோடு வேறு சண்டை. பசை போட்ட இடத்தில் ஃபோம் நெளிய பிளைவுட் விடாது என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. பார்க்க வேண்டியது நடுப்பகுதியை. முனையிலிருந்து ஒரு பக்க அளவு, அதாவது 100 மி.மீ., தள்ளிப் போனால் அந்தப் பிடிப்பின் பாதிப்பு பெரும்பாலும் அடங்கிவிடும். 400 மி.மீ. நீளம் கேட்டதும் அதனால்தான்.

## 4. என்ன பார்க்க வேண்டும், எங்கே அளக்க வேண்டும்

உருளையை முதலில் பாருங்கள். எல்லாக் கட்டங்களும் ஒரே மாதிரி சாய்சதுரமாக இருக்கும். சுற்றிலும் எங்கே அளந்தாலும் 90° சுமார் 7.5° குறைந்திருக்கும். கணக்கும் அதையே சொல்கிறது: 60° என்பது 1.047 ரேடியன், அதை 400-ஆல் வகுத்தால் `θ'` = 0.00262, அதை ஆரம் 50-ஆல் பெருக்கினால் 0.131 ரேடியன், அதாவது 7.5°. குறுக்குக் கோடுகள் நேராகவே, ஒரே மட்டத்தில் சுற்றி வரும்.

இப்போது சதுரம். ஒரு பக்கத்தின் நடுக்கோட்டில் இருக்கும் கட்டம் உருளையை விட அதிகமாகச் சாய்ந்திருக்கும், சுமார் 10°. அங்கிருந்து மூலைக்கு நகர நகரச் சாய்வு குறையும். விளிம்பை ஒட்டிப் பாகைமானியை வைத்தால் ஏறக்குறைய 90° அப்படியே இருக்கும். 2-ஆம் படியில் யோசித்துச் சொன்னதைக் கண்ணால் பார்க்கும் இடம் இதுதான்.

குறுக்குக் கோட்டை மட்டும் தனியாகக் கவனித்தால் அது படுத்த 'S' மாதிரி மெல்லிசாக வளைந்திருக்கும். பக்கத்தின் நடுவிலும் இரு மூலைகளிலும் பழைய மட்டத்திலேயே நிற்கும். நடுவிலிருந்து பக்க அளவில் சுமார் 0.3 பங்கு தள்ளிப் போன இடத்தில் ஒரு பக்கம் மேலே எழும்பியும் மறுபக்கம் கீழே இறங்கியும் இருக்கும். இந்த உச்ச நெளிவின் அளவு:

```
w_max ≈ 0.0367 · c² · θ'
```

`c` என்பது சதுரத்தின் பக்கம். நம் ஃபோமுக்கு 0.0367 × 10000 × 0.00262, கிட்டத்தட்ட ஒரு மி.மீ.

இங்கே ஒரு அழகான விஷயம் ஒளிந்திருக்கிறது. குறுக்குவெட்டு நெளியவே இல்லை என்று வைத்துக் கணக்குப் போட்டால், அந்தப் பக்கம் முழுக்க ஷியர் கோணம் `c/2 × θ'`, அதாவது உருளையைப் போலவே சீராக 7.5° வரும். உண்மையில் மூலையில் 0°, நடுவில் 10°. ஆனால் S-இன் இரு முனைகளும் பழைய மட்டத்திலேயே இருப்பதால், பக்கம் முழுதுக்கும் எடுத்த சராசரி அதே 7.5°-தான். மூலை தன் பங்கை இறக்கி வைக்கிறது, அந்தச் சுமையை நடு தூக்கிக்கொள்கிறது. நெளிவின் வேலை இந்தப் பங்கீடுதான்.

## 5. உருளை ஏன் நெளிவதில்லை: கண்ணாடி வழி

இதற்குச் சமன்பாடு வேண்டாம், ஒரு கண்ணாடி போதும்.

சதுரக் கம்பியின் அச்சு வழியாக, பக்கங்களின் நடுவைச் சேர்க்கும் கோட்டில் நீளவாக்கில் ஒரு கண்ணாடியை நிறுத்தியதாகக் கொள்ளுங்கள். கண்ணாடியில் தெரியும் கம்பியும் அதே சதுரம்தான். ஆனால் முறுக்கு மட்டும் எதிர்த்திசை. எதிர்த்திசையில் முறுக்கினால் நெளிவும் நேர் எதிர்மாறாக வர வேண்டும். ஆகவே கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஒரு புள்ளி முன்னே வந்தால், அதன் பிம்பப் புள்ளி அதே அளவு பின்னே போக வேண்டும். கண்ணாடியின் மேலேயே இருக்கும் புள்ளி? அது தனக்குத் தானே எதிர்மாறாக இருக்க வேண்டும். பூஜ்யம் ஒன்றுதான் அப்படி இருக்க முடியும்.

சதுரத்துக்கு இப்படி நான்கு கண்ணாடிகள் வைக்கலாம்: இரண்டு நடுக்கோடுகள், இரண்டு மூலைவிட்டங்கள். அந்த நான்கு கோடுகளும் நெளியாமல் நிற்கும். அவை சதுரத்தை எட்டு முக்கோணங்களாக வெட்டுகின்றன. எட்டும் மாறி மாறி மேலே, கீழே, மேலே, கீழே.

வட்டத்துக்கு எத்தனை கண்ணாடி? எந்த விட்டத்தில் வைத்தாலும் பொருந்தும். அப்படியென்றால் எல்லாப் புள்ளியும் ஏதோ ஒரு கண்ணாடியின் மேல் இருக்கிறது, எல்லா இடத்திலும் நெளிவு பூஜ்யம். வட்டத்துக்குப் படித்த சூத்திரம் வட்டத்துக்கு மட்டும் பொருந்துவதன் காரணம் இவ்வளவுதான். குழாயாக இருந்தாலும் வட்டமென்றால் இதே கதைதான்.

## 6. மூன்று எண்களில் ஒரு கைக்கணக்கு

சதுரக் கம்பியின் முறுக்கத்துக்கும் உச்சத் தகைவுக்கும் 0.1406, 0.208 என்று புத்தகத்தில் வரும் எண்கள் வானத்திலிருந்து விழவில்லை. ஒரு தாளில் மூன்று எண்களைக் கண்டுபிடித்தால் அவற்றின் பக்கத்தில் போய் நிற்கலாம். ஒரு தடவையாவது செய்து பாருங்கள்.

சதுர ஓட்டையுள்ள தகட்டின் மேல் மெல்லிய படலம் ஒன்றை இழுத்து ஒட்டி, கீழிருந்து லேசாக ஊதியதாக நினையுங்கள். படலம் குமிழாக எழும்பும். எந்த இடத்தில் சரிவு எவ்வளவோ அந்த அளவு அங்கே ஷியர் தகைவு. குமிழின் கன அளவைப் போல இரண்டு மடங்கு டார்க். பிராண்டல் 1903-இல் காட்டிய ஒப்புமை இது. மூலைக்குள் படலம் தட்டையாகப் படுத்துவிடும், அதாவது சரிவு பூஜ்யம். இங்கேயும் அதே பதில்.

பக்கம் 1 என்று கொண்டு, சதுரத்தை 4 × 4 கட்டமாகப் பிரியுங்கள். ஓரங்களில் உயரம் பூஜ்யம். உள்ளே ஒன்பது புள்ளிகள். ஆனால் 5-ஆம் படியில் பார்த்த அதே சமச்சீரால் மூன்று விதம்தான்: நடுப்புள்ளி `A`, அதற்கு நேர் பக்கத்துப் புள்ளிகள் நான்கும் `B`, குறுக்கே இருக்கும் நான்கும் `C`. ஒவ்வொரு புள்ளிக்கும் விதி ஒன்றே: தன்னைப் போல நான்கு மடங்கிலிருந்து நான்கு அண்டைப் புள்ளிகளைக் கழித்தால் `2h²` வர வேண்டும். `h` என்பது அடுத்தடுத்த புள்ளிகளின் இடைவெளி. இங்கே `h` = 1/4 என்பதால் அது 1/8.

```
4A - 4B      = 1/8
4B - A - 2C  = 1/8
4C - 2B      = 1/8

A = 9/64    B = 7/64    C = 5.5/64
```

ஓரத்தில் சரிவு வேண்டும். ஓரத்திலிருந்து உள்ளே போகும் முதல் இரண்டு உயரங்களை வைத்து, பக்கத்தின் நடுவில் `(4B - A)/(2h)` = 0.594. நடுவுக்கும் மூலைக்கும் பாதி வழியில் `(4C - B)/(2h)` = 0.469. மூலையில் 0. எண்கள் இறங்கும் வரிசை ஃபோமில் பார்த்த அதே வரிசை. நுட்பமாகக் கணக்குப் போட்டால் நடுவில் 0.675 வரும். வெறும் மூன்று எண்ணுக்கு 12% பிசகு மோசமில்லை.

கன அளவுக்கு சிம்ப்சன் விதி: `A`-க்கு எடை 4, ஒவ்வொரு `B`-க்கும் 8, ஒவ்வொரு `C`-க்கும் 16, கூட்டி 144-ஆல் வகுத்தால் 0.0664. இரண்டு மடங்கு 0.133. சரியான விடை 0.1406. இது 6% குறைவு. அந்த 0.1406-ஐ நடுச் சரிவு 0.675-ஆல் வகுத்தால் வருவதுதான் 0.208. கட்டத்தை 8 × 8 ஆக்கினால் இன்னும் நெருங்கும்.

ஒரு எச்சரிக்கை. `A` = 9/64 என்பதைத் தசமத்தில் எழுதினால் 0.1406 வரும். "அண்ணே, விடை வந்துடுச்சு!" என்று ஒருவன் துள்ளிக் குதித்தான். அது வெறும் தற்செயல். `A` என்பது குமிழின் உயரம், நாம் தேடுவது கன அளவின் இரு மடங்கு. நுட்பமான கணக்கில் நடு உயரம் 0.147-க்குப் போய்விடும்.

இனி உண்மையான கம்பிக்கு வருவோம். `τ_max` என்பது உச்சத் தகைவு, `d` என்பது வட்டத்தின் விட்டம். நுட்பமான மதிப்புகளோடு:

```
சதுரம்:  θ' = T / (0.1406 · c⁴ · G)     τ_max = T / (0.208 · c³)
வட்டம்:  θ' = 32T / (π · d⁴ · G)        τ_max = 16T / (π · d³)
```

வால்வுக் கம்பியின் தலையில் 50 செ.மீ. குறுக்குப் பிடி. ஒவ்வொரு கையும் சுமார் 20 கிலோ அளவு தள்ளினால் டார்க் 100 N·m, அதாவது 100000 N·mm. எம்.எஸ்.-க்கு `G` = 80000 N/mm². 20 மி.மீ. சதுரத்துக்கு 0.1406 × 160000 = 22496 mm⁴. ஒரு மீட்டரில் முறுக்கம் 0.0556 ரேடியன், 3.2°. உச்சத் தகைவு, பக்கத்தின் நடுவில், 60 N/mm².

இதே கம்பியில் நெளிவு எவ்வளவு? 0.0367 × 400 × 0.0000556, அதாவது 0.0008 மி.மீ. மைக்ரோமீட்டரில்கூட ஒழுங்காகப் பிடிபடாது. இரும்பில் பார்க்க முடியாது என்று முன்பு சொன்னது இதனால்தான். ஆனால் இந்தக் கண்ணுக்குத் தெரியாத நெளிவுதான் தகைவை மூலையிலிருந்து நடுவுக்கு மாற்றுகிறது.

## 7. மூலையைச் சீவலாமா: வலு வேறு, விறைப்பு வேறு

பட்டறைக்காரரின் கேள்விக்கு வருவோம். 20 மி.மீ. சதுரத்தைக் கடைந்து 20 மி.மீ. வட்டமாக்கினால், அதே 100 N·m-க்கு:

உச்சத் தகைவு 60-லிருந்து 64 N/mm²-க்குப் போகிறது. 6% கூடுதல், அவ்வளவே. 3.14 கிலோ கம்பியில் சுமார் 670 கிராம், ஐந்தில் ஒரு பங்குக்கு மேல், சீவலாகக் கீழே விழுந்த பிறகும் வலு பெரிதாகக் குறையவில்லை. மாணவன் பயந்தது இந்த இடத்தில் தப்பு.

ஆனால் முறுக்கம் 3.2°-லிருந்து 4.6°-க்கு ஏறுகிறது. 43% கூடுதல். விறைப்பு நன்றாகவே அடிவாங்குகிறது. இங்கே மாணவன் சொன்னதில் பாதி நியாயம் இருக்கிறது.

தகைவே இல்லாத மூலையைச் சீவினால் விறைப்பு ஏன் குறைய வேண்டும்? படலத்தையே நினையுங்கள். ஓட்டையின் நான்கு மூலைகளையும் அடைத்து வட்டமாக்கினால், மூலைகளில் மட்டுமல்ல, நடுவிலும் குமிழ் தாழ்ந்துவிடும். நடு உயரம் 0.147-லிருந்து 0.125-க்கு இறங்கும். மூலை தான் சுமக்காவிட்டாலும், அது அங்கே இருப்பதால் உள்ளே இருக்கும் உலோகம் கூடுதலாகச் சுமக்கிறது. மூலை சும்மா கிடக்கிறது என்று பலர் எழுதுவதை நான் ஏற்பதில்லை.

"சதுரம்தான் கெட்டி" என்ற பேச்சு வருவதும் இந்த ஒப்பீட்டிலிருந்துதான், அதில் சதுரத்துக்கு 27% கூடுதல் உலோகம் கிடைத்துவிடுகிறது. நியாயமாக ஒரே எடையில் ஒப்பிடுங்கள். அதே 3.14 கிலோவுக்கு வட்டக் கம்பி 22.6 மி.மீ. விட்டம் இருக்கும். அதில் முறுக்கம் 2.8°, உச்சத் தகைவு 44 N/mm². சதுரத்தின் விறைப்பு அதில் 88%, தகைவு 36% கூடுதல். காசு கொடுத்துப் புதிதாக வாங்குவதாக இருந்தால் முறுக்கத்துக்கு வட்டம்தான். சாவி, ஸ்பேனர் பிடிக்க வேண்டிய தலைப்பகுதியை மட்டும் சதுரமாக வைத்துக்கொள்ளலாம்.

பட்டறைக்காரர் கடைசியில் நடுப்பகுதியை மட்டும் கடைந்தார். வால்வு கொஞ்சம் ஸ்ப்ரிங் மாதிரி இழுத்துத்தான் திறக்கிறது என்கிறார். அந்தக் கூடுதல் முறுக்கம் கையில் தெரிகிறது.

## 8. வழுக்கும் இடங்கள்

மிகப் பெரியது, போலார் மொமென்ட்டை எடுத்து `θ'` கணக்கிடுவது. சதுரத்துக்கு அது `c⁴/6` = 0.1667 `c⁴`. முறுக்கம் 2.7° என்று வரும், உண்மை 3.2°. தகைவோ மூலையில் 53 N/mm² என்று வரும். அளவும் குறைவு, இடமும் தப்பு. விடைத்தாளில் உச்சத் தகைவு மூலையில் என்று எழுதியிருந்தால், போலார் மொமென்ட்டைப் போட்டிருக்கிறார் என்று உடனே கண்டுபிடித்துவிடலாம்.

அடுத்தது `a`. சில புத்தகங்கள் பக்கத்தையே `a` என்கின்றன, சில புத்தகங்கள் பக்கத்தை `2a` என்கின்றன. இரண்டாவதில் 0.1406 என்பது 2.25 ஆகிவிடும், 1/0.208 என்பது 0.601 ஆகிவிடும். ஒரு புத்தகத்தின் எண்ணை இன்னொரு புத்தகத்தின் `a`-வோடு கலந்தால் முறுக்கம் 16 மடங்கும் தகைவு 8 மடங்கும் தப்பும். நான் `c` என்று எழுதுவதே இந்தத் தொல்லை வேண்டாம் என்றுதான்.

வெளி மூலையையும் உள் மூலையையும் குழப்புவதும் நடக்கிறது. வெளியே துருத்தி நிற்கும் மூலையில் தகைவு பூஜ்யம். ஷாஃப்டில் சாவிக்கு வெட்டும் கீவேயின் உள் மூலை நேர் எதிர்: அங்கே தகைவு குவியும், விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும். உள் மூலைக்கு ரேடியஸ் விட வேண்டும். வெளி மூலைக்கு அந்தக் கவலை இல்லை.

முனைப் பிடிப்பையும் மறக்காதீர்கள். 20 மி.மீ. சதுரக் கம்பி ஒரு மீட்டர் நீளம் என்றால், சக்கில் பிடித்த முனையில் நெளிவு தடைபடுவதைப் பொருட்படுத்த வேண்டாம். அதே கம்பி 30 மி.மீ. நீளக் குட்டையாக இருந்தால் மேலே சொன்ன எந்த எண்ணையும் நம்பாதீர்கள். சேனல், ஆங்கிள் மாதிரி மெல்லிய திறந்த வடிவங்களில் இந்தத் தடைபட்ட நெளிவு நீளம் முழுக்கப் பாதிக்கும், அதற்குக் கணக்கே வேறு.

கடைசியாக, ஜன்னல் கிரில்லுக்குப் போடும் முறுக்கிய சதுரக் கம்பியை எடுத்து வந்து, "இதுல நெளிவு எங்கண்ணே?" என்று கேட்பார்கள். அது நெகிழ் எல்லையைத் தாண்டி, திரும்ப வராத அளவுக்கு முறுக்கப்பட்டது. இங்கே உள்ள சூத்திரங்கள் எல்லாம், விட்டால் பழைய நிலைக்குத் திரும்பும் கம்பிக்கு மட்டும். ஆனாலும் அதில் ஒன்றைக் காட்டலாம். அந்தக் கம்பியிலும் முதலில் இளகியது பக்கங்களின் நடுப்பகுதிதான், மூலை கடைசி வரை தாக்குப்பிடித்திருக்கும்.